கண்டன்சர் போன ஃபேன்

முதல் டிராஃப்டை வாசித்துப் பார்த்த அன்று எங்கள் வீட்டு ஹாலில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். 24 பக்கம். வாசித்து முடிக்க 31 நிமிடம் ஆனது. சிரிப்பு வரும் இடத்திலெல்லாம் பேப்பர் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் எண்ணினால் நான்கு கோடு. அதில் ஒன்று, சோகமான இடத்தில் தெரு நாய் குறுக்கே குரைத்ததற்கு வந்த சிரிப்பு.

எழுதியிருந்தது ஒரு வெப் சீரிஸின் முதல் எபிசோட். காலேஜுக்குப் பக்கத்தில் மாடி போர்ஷன் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களின் கதை. சேலையூர் பக்கம் அப்படிப்பட்ட ஒரு மாடியில் நானும் இரண்டு வருடம் இருந்தவன் என்பதால், ஞாபகத்தில் இருந்த வேடிக்கையை எல்லாம் கொட்டி எழுதிவிட்டேன். எபிசோடுக்கு எபிசோட் திரும்பத் திரும்ப வரவேண்டிய காமெடி என்று ஒன்பது வைத்திருந்தேன். காணாமல் போகும் ஒற்றைச் செருப்பு, யாருடையது என்று தெரியாத டிபன் பாக்ஸ், குளிக்கும்போது பாடுபவன், சுற்றாத ஃபேன், இப்படி. ஒன்பதும் முதல் எபிசோடிலேயே தலையைக் காட்டின. ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

வாசிப்பு முடிந்ததும் எல்லோரும் மரியாதையாக டீ குடித்தார்கள். அப்போது கேமராமேன் நண்பன் ஒரு கேள்வி கேட்டான். “அந்த ஃபேனுக்குக் கண்டன்சர் போயிருக்கு, அவ்வளவுதானே? நூறு ரூபாய்க்குள்ள முடியற வேலை. ஏன் மாத்த மாட்டேங்கறாங்க?”

என்னிடம் பதில் இல்லை. காமெடிக்காகத்தான் மாற்றவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஃபேன் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். சீலிங் ஃபேனின் மோட்டாருக்கு, நின்ற நிலையிலிருந்து சுற்றத் தொடங்க ஒரு கண்டன்சர் வேண்டும். அது போய்விட்டால் சுவிட்சைப் போட்டதும் ஃபேன் ‘ம்ம்ம்’ என்று உறுமும், சுற்றாது. குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால் சுற்ற ஆரம்பித்துவிடும், வேகம் மட்டும் குறைவாக இருக்கும். பேச்சிலர் ரூமில் தங்கிய யாருக்கும் இது புதிதில்லை. எங்கள் ரூமில் அதற்கென்றே ஓர் ஒட்டடைக் கம்பு இருந்தது. ஒட்டடை அடிக்க அதை யாரும் எடுத்ததாக ஞாபகமில்லை.

அந்தக் கேள்விதான் ஸ்கிரிப்டைக் காப்பாற்றியது. திரும்பத் திரும்ப வரும் காமெடி என்றால், அந்தப் பிரச்சினை தீராமலேயே இருக்க வேண்டும். ஏன் தீரவில்லை என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் வெளியிலிருந்து வந்தால் இரண்டு எபிசோடில் செத்துவிடும். ‘எலக்ட்ரீஷியன் ஊரில் இல்லை’ என்று எத்தனை வாரம் சொல்ல முடியும்? அதே காரணம் அந்த ரூமில் இருக்கும் ஓர் ஆளின் குணமாக இருந்தால் வருடக்கணக்கில் ஓடும், ஏனென்றால் குணம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

அங்கிருந்துதான் பாஸ்கரின் நோட்டுக்கு உயிர் வந்தது.

பாஸ்கர் கடைசி வருடம், ட்ரிபிள் ஈ, ஐந்து அரியர். ரூமுக்கு மூத்தவன். 40 பக்க நோட்டு ஒன்றில் ரூம் கணக்கை எழுதுபவன். முதல் டிராஃப்டில் அவன் வெறும் கஞ்சன். இரண்டாவதில், நியாயம் பார்ப்பவனாக மாறினான். யாரும் ஒரு பைசா அதிகம் கொடுத்துவிடக் கூடாது என்பதில் அவனுக்கு உண்மையான அக்கறை. ஒரு பொருளின் செலவைச் சரியாகப் பங்குபோட வழி கிடைக்கும்வரை அதை வாங்க விடமாட்டான். கண்டன்சரைப் பங்குபோடத்தான் முடியவில்லை. ஏனென்றால் கூடத் தங்கியிருக்கும் அஷ்ரஃபின் பாய் சுவரோரத்தில் இருக்கிறது, அங்கே காற்றே எட்டாது. வராத காற்றுக்கு அவன் ஏன் காசு தரவேண்டும்? இந்த வழக்கு ஒரு வருடமாக நடக்கிறது. ட்ரிபிள் ஈ படிப்பவனின் தலைக்கு மேலேயே ஃபேன் ஓடாமல் இருப்பது இதில் ஓசியில் கிடைத்த சிரிப்பு.

ஒன்பதில் ஆறைத் தூக்கினேன். மிச்சம் மூன்று: ஃபேனைத் தள்ளும் கம்பு, பாஸ்கரின் நோட்டு, அப்புறம் கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் ஆன்ட்டியின் குரல். ஆன்ட்டியை யாரும் பார்ப்பதே இல்லை. மாடியில் இருக்கும் மோட்டார் சுவிட்சை ஆறு மணிக்குப் போட்டு ஆறு இருபதுக்கு நிறுத்துவது பையன்களின் வேலை. போடுவார்கள், நிறுத்த மறப்பார்கள். டேங்க் நிரம்பி வழியும். கீழேயிருந்து “மோட்டாரூ!” என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான் ஆன்ட்டி. இதில் எங்களுக்கு வேறு ஒரு லாபமும் இருந்தது. மூன்று நாள் ஷூட்டிங்குக்கு ஒரு நடிகையின் சம்பளம் மிச்சம்.

ஆட்களிலும் ஒருவன் குறைந்தான். ஜெரி என்று ஒரு நாகர்கோவில் பையனை எழுதியிருந்தேன். வாய்க்கு வாய் ‘மக்கா’ போடுவான். வசனத்துக்கு முன்னால் இருக்கும் பெயர்களை எல்லாம் பேப்பர் வைத்து மறைத்துவிட்டு, யார் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். ஜெரியை எல்லோரும் கண்டுபிடித்தார்கள். அந்த ‘மக்கா’வையும் அடித்துவிட்டுக் கேட்டபோது அவனும் அஷ்ரஃபும் ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். வட்டாரப் பேச்சை மட்டும் கொடுத்துவிட்டு, அவனுக்கென்று ஒரு ஆசையைக் கொடுக்காமல் விட்டது என் தப்பு. ஜெரி போனதில் ரூமில் மூன்று பேர் ஆனார்கள். மூன்றால் வகுத்தால் பைசா மிஞ்சும் என்பதும் பாஸ்கருக்கு வசதியாகப் போயிற்று.

புதிதாக வந்து சேர்பவன் கதிர். கோத்தகிரிக்காரன். டிப்ளமா முடித்துவிட்டு நேரடி இரண்டாம் வருடம் சேர்ந்திருக்கிறான், அவனும் ட்ரிபிள் ஈ. குளிர் ஊரில் வளர்ந்தவன் என்பதால் மோட்டாரைப் பற்றிப் பரீட்சை எழுதியிருக்கிறானே தவிர, ஃபேனுக்குக் கீழே ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு. அதற்கு முன் ஒரு நல்ல தூக்கம் வேண்டும், சென்னை ஆகஸ்ட் புழுக்கத்தில். எபிசோடின் கதை இவ்வளவுதான். காமெடி மூன்றும் இந்தத் தூக்கத்தின் குறுக்கே வரவேண்டும் என்று வைத்துக்கொண்டேன். குறுக்கே வராத எதுவும் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் வெளியே.

இப்போது ஃபேன் முதல் தடவை வரும் இடம். முதல் டிராஃப்டில் கதிர் அதைப் பார்த்துவிட்டு, “இது ஃபேனா, ஹெலிகாப்டரா?” என்று கேட்பான். பாஸ்கர் ஒரு பதிலடி கொடுப்பான், அஷ்ரஃப் அதற்கு மேல் ஒன்று சொல்வான். முக்கால் பக்கம் போனது. பார்த்த மாத்திரத்திலேயே அந்தப் பொருளை வைத்து எல்லாச் சிரிப்பையும் சிரித்துத் தீர்த்துவிட்டால், அடுத்த தடவைக்கு என்ன இருக்கும்? இரண்டாவது டிராஃப்டில் அது இப்படி ஆனது:

சீன் 2. உள். மாடி ரூம். மாலை.

கதிர் பையை இறக்கி வைக்கிறான். சுவரோரப் பாயில் அஷ்ரஃப், கண்ணை மூடியபடி. பாஸ்கர் நோட்டைப் புரட்டிக்கொண்டு நிற்கிறான்.

பாஸ்கர்: வாடகை ஒண்ணாந்தேதி. தண்ணி கேன் முறை வச்சுத் தூக்கணும். கரண்ட் பில் மூணா பிரிப்போம்.

சுவிட்சைப் போடுகிறான். ஃபேன் உறுமுகிறது, சுற்றவில்லை. ஆணியில் மாட்டியிருக்கும் ஒட்டடைக் கம்பை எடுத்து, பேச்சை நிறுத்தாமல் இறக்கையை ஒரு தள்ளு. ஃபேன் சுற்றுகிறது. கம்பு திரும்ப ஆணிக்குப் போகிறது.

பாஸ்கர்: சோப்பு அவங்கவங்க சோப்பு. ஏதாவது கேள்வி இருக்கா?

கதிர் (மேலே பார்த்தபடி): இல்லண்ணா.

இதில் ஜோக் என்று எதுவுமே எழுதவில்லை. பாஸ்கருக்கு அது பல் தேய்ப்பது மாதிரி ஒரு தினசரி வேலை. கதிர் மட்டும் மேலே பார்க்கிறான், கேட்கத் தோன்றுகிறது, கேட்கவில்லை. முதல் தடவை வருவது தகவலாக இருந்தால் போதும், சிரிப்பு வந்தால் லாபம். இரண்டாவது வாசிப்பில் அந்த “இல்லண்ணா”வுக்கு ஒரு கோடு விழுந்தது.

இரண்டாவது தடவை எப்போது வரவேண்டும் என்பதில்தான் ரொம்ப நேரம் போனது. முதலில் இரண்டு நிமிட இடைவெளியில் வைத்திருந்தேன். வாசித்துக் கேட்டபோது அது ஒரே காமெடியின் மிச்சம் மாதிரி இருந்தது. அப்புறம் பத்து நிமிடம் தள்ளி வைத்தேன். அதற்குள் கம்பையே மறந்துவிட்டார்கள். கடைசியில் ஐந்தரை நிமிட இடைவெளி, நடுவில் ஒரு சீனில் கம்பு பேச்சில்லாமல் சும்மா கண்ணில் படும். கதிர் துவைத்த சட்டையைக் காயப்போட ஆணி தேடுகிறான். காலியாக இருக்கும் ஒரே ஆணியில் கம்பு. எடுக்கப் போகிறவனைப் பாஸ்கர் பார்க்கும் பார்வையில் கையை எடுத்துக்கொள்கிறான். நான்கு விநாடி. அது ஞாபகப்படுத்துவதற்கு மட்டும்.

நேரத்தைப் பற்றி ஒன்று. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று சொல்கிறார்களே, அது ஆங்கில ஸ்கிரிப்டின் எழுத்துருவையும் ஓரங்களையும் வைத்து வந்த கணக்கு. நம் ஊரில் தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று எழுதும் பழக்கம் வேறு இருக்கிறது. அதில் இந்தக் கணக்கு நிற்கவே நிற்காது. போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, சைகைகளுக்கும் நேரம் விட்டு, சத்தமாக வாசிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டாவது டிராஃப்ட் 18 நிமிடத்தில் வந்து நின்றது.

சரி, இரண்டாவது தடவை. நடுராத்திரி கரண்ட் போய்த் திரும்ப வருகிறது. ஃபேன் உறுமிக்கொண்டு நிற்கிறது. கதிர் எழுந்து கம்பை எடுத்துத் தள்ளுகிறான். ஃபேன் சுற்றுகிறது. படுக்கிறான். காற்று வரவில்லை. எழுந்து உட்கார்ந்து மேலே பார்க்கிறான். சுற்றுகிறது. கையை நீட்டிப் பார்க்கிறான். காற்று இல்லை.

அஷ்ரஃப் (கண்ணைத் திறக்காமல்): டிப்ளமா.

கதிர்: சொல்லுங்கண்ணா.

அஷ்ரஃப்: ஜன்னல் பக்கமா தள்ளணும். நீ கதவுப் பக்கமா தள்ளிட்ட.

கதிர்: கதவுப் பக்கம் தள்ளினா என்னண்ணா?

அஷ்ரஃப்: மேல் வீட்டுக்குக் காத்து வரும்.

கதிர்: மேல வீடே இல்லையேண்ணா.

அஷ்ரஃப்: அதான் சொல்றேன்.

இது கற்பனை இல்லை. கண்டன்சர் போன ஃபேனுக்குத் தனக்கென்று ஒரு திசை கிடையாது, எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் சுற்றும். தப்பான பக்கம் சுற்றினால் காற்று மேலே போகும். எழுதுவதற்கு முன் எங்கள் தெரு எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன், ட்ரிபிள் ஈ படித்தவர்கள் கமெண்டில் வந்து கிழித்துவிடுவார்கள் என்ற பயம்தான். அவர் சொன்ன இந்த ஒரு விஷயத்தால் அதே கம்பு, அதே ஃபேன், ஆனால் புதுப் பிரச்சினை என்று ஆனது. நான் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்த எதையும்விட இது நன்றாக இருந்தது. அதே பொருள் அதே மாதிரி மறுபடி வந்தால் பார்ப்பவர்கள் ‘தெரியும்ப்பா’ என்று சொல்லிவிடுவார்கள். கவுண்டமணி, செந்திலின் வாழைப்பழக் காமெடியில் ஒரே கேள்வி, ஒரே பதில்தான். அதை அவர்களால் தாங்கிப்பிடிக்க முடிந்ததற்குக் காரணம் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போகும் கோபம். அங்கேயும் ஏதோ ஒன்று மாறிக்கொண்டேதான் இருக்கிறது. எங்கள் பையன்கள் புதுமுகங்கள், அவர்கள் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்ற எனக்குத் தைரியமில்லை.

மூன்றாவது தடவையில்தான் மூன்று காமெடியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. தூக்கம் கெட்ட கதிர், இரவோடு இரவாகத் தன் காசில் கண்டன்சரை மாற்றிவிடுவது என்று கிளம்புகிறான். (நடுராத்திரியில் கடை எங்கே திறந்திருக்கும் என்று டைரக்டர் கேட்டான். அஷ்ரஃப் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு புதுக் கண்டன்சரை எடுத்துக் கொடுக்கிறான். “போன வருஷமே வாங்கிட்டேன். கணக்கு முடியட்டும்னு வச்சிருக்கேன்.” விலை 80 என்று அட்டையில் எழுதியிருக்கிறது.) மாடிப்படிக்குக் கீழே இருக்கும் போர்டில் இரண்டு பியூஸ் கட்டைகள், எது எதற்கு என்று எழுதியிருக்காது. பத்திரமாக இருக்கட்டும் என்று கதிர் இரண்டையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். வேலை முடித்து ஒன்றைச் சொருகுகிறான், ரூமில் லைட் வருகிறது. இன்னொன்று பையிலேயே தங்கிவிடுகிறது.

சுவிட்சைப் போட்டால் ஃபேன் யாரும் தள்ளாமல் தானாகச் சுற்றுகிறது. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக் கைதட்டுகிறார்கள். கைதட்டல் மெதுவாகக் குறைகிறது. காற்று வரவில்லை. கண்டன்சரின் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டான், இனிமேல் ஃபேன் நிரந்தரமாகத் தலைகீழாகச் சுற்றும். பாஸ்கர் மட்டும் இதையெல்லாம் கவனிக்காமல் நோட்டைத் திறந்து எழுதுகிறான்: “கண்டன்சர் 80. தலைக்கு 26.66. மீதி 2 பைசா, பாஸ்கர் ஏற்றார்.”

கண்டன்சர் மாறியும் பிரச்சினை தீரவில்லை, இன்னொன்றாக மாறியிருக்கிறது. அடுத்த எபிசோடுக்கு இது போதும்.

விடிகிறது. ஆறு மணிக்குப் பாஸ்கர் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து படுக்கிறான். ஆறு இருபது. மூன்று பேரும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இதற்குள் எபிசோடில் இரண்டு தடவை “மோட்டாரூ!” வந்துவிட்டதால் பார்ப்பவர்களும் காத்திருப்பார்கள். வரவில்லை. ஆறு இருபத்தைந்து. அஷ்ரஃப் கண்ணைத் திறக்கிறான். ஆறு முப்பது. கதிர் பேனாவுக்காகச் சட்டைப்பையில் கையை விடுகிறான், பியூஸ் கட்டை வருகிறது. அந்த நேரத்தில் கீழேயிருந்து, முன்னெப்போதும் கேட்காத மெல்லிய குரலில்: “தம்பிகளா… தண்ணி வரலியே?” அங்கே முதல் எபிசோட் முடிகிறது.

அந்தச் சத்தம் வராமல் இருக்கும் பத்து நிமிடத்தைத் திரையில் 25 விநாடிக்குச் சுருக்கினோம். வாசிப்பில் அதிகம் சிரித்தது அங்கேதான். ஒரு வரியும் பேசப்படாத இடம். ஆனால் முந்தைய இரண்டு “மோட்டாரூ!”வில் ஒன்றை எடுத்துவிட்டு வாசித்துப் பார்த்தோம், சிரிப்பு வரவில்லை. ஒரே ஒரு தடவை கேட்ட சத்தத்துக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள் போல.

ஷூட்டிங்கில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சவுண்டு பார்த்துக்கொண்டவர் முதல் நாளே கறாராகச் சொன்னார், வசனம் பேசும்போது ஃபேன் ஓடக் கூடாது. அந்த இரைச்சல் எல்லா டேக்கிலும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரித்து எடுப்பது பெரும்பாடு. நடிகர்கள் வியர்வையில் நனைந்தார்கள், கதைக்கு அது பொருத்தமாகவே இருந்தது. ஆன்ட்டியின் குரலைத் தனியாக எடுத்தோம். என் அத்தையைப் படிக்கட்டின் அடியில் நிற்கவைத்து, மைக்கை மாடி வாசலில் வைத்தோம். மைக்கைப் பக்கத்தில் வைத்து எடுத்த டேக்கில் அத்தை ரூமுக்குள்ளேயே நிற்பது மாதிரி கேட்டது. படிக்கட்டில் மோதி ஏறி வரும்போதுதான் அது ஹவுஸ் ஓனர் குரலாகிறது.

ஷூட்டிங் வீட்டு ஃபேன் நல்ல ஃபேன் என்பதுதான் பெரிய தொல்லை. சுவிட்சைப் போட்டால் சமர்த்தாகச் சுற்றியது. மெயினை நிறுத்திவிட்டுக் கண்டன்சரைக் கழற்றி வைத்த பிறகுதான் நமக்கு வேண்டியபடி உறுமியது. மூன்று நாளும் கம்பால் தள்ளித்தான் எடுத்தோம். தானாகச் சுற்றும் ஷாட்டுக்கு ஃபிரேமுக்கு வெளியே ஒருவன் தள்ளிவிட்டு ஓடினான்.

கடைசி நாள் இரவு சாமானெல்லாம் ஏற்றிய பிறகு கண்டன்சரைத் திரும்ப மாட்டினேன். ஃபேன் சுற்றியது. நாங்கள் மூன்று பேரும், நான், டைரக்டர், கேமராமேன், கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். காற்று வரவில்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். தலைக்கு 66 ரூபாய் 66 பைசா. நான் மாட்டியதால் நானே முழுசாகக் கொடுக்க வேண்டும் என்கிறான் கேமராமேன். கண்டன்சரைக் கழற்றச் சொன்னதே அவன் ஷாட்டுக்காகத்தான் என்கிறேன் நான். டைரக்டர் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறான்.